ஊர் சொல்லாத புற்று
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நான் நோய்க்குறியியல் துறையைச் சேர்ந்தவன். நோயாளியை நான் பார்ப்பது அரிது. அவர் உடலிலிருந்து எடுத்த ஒரு துணுக்குச் சதைதான் என் மேசைக்கு வரும். அதைப் பார்த்து நான் எழுதும் சில வரிகளை வைத்துத்தான் அவருக்கு என்ன மருந்து, எங்கே கதிர்வீச்சு என்பதெல்லாம் முடிவாகும். அந்த வரிகளில் எழுதக் கை தயங்கும் வரி ஒன்று உண்டு: "பரவி வந்த புற்று, தொடங்கிய இடம் தெரியவில்லை." இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பெயர் எங்கிருந்து வருகிறது

ஒரு புற்றுக்கு அது பிறந்த உறுப்பின் பெயரைத்தான் வைக்கிறோம். அது எங்கே காணப்பட்டது என்பது பெயரை மாற்றாது. மார்பில் பிறந்த புற்று முதுகெலும்புக்குப் போய் அங்கே வளர்ந்தாலும் அது மார்பகப் புற்றுதான், எலும்புப் புற்று ஆகாது. அந்தச் செல்கள் எலும்புக்குள் உட்கார்ந்துகொண்டும் மார்பகச் செல்களைப் போலவே நடந்துகொள்ளும். மார்பகப் புற்றுக்கான மருந்துக்கே கட்டுப்படும். ஆகவே பிறந்த இடம் தெரிந்தால் மருந்தும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிலரிடம் பரவிய புற்று மட்டும் கையில் கிடைக்கும். கல்லீரலில் கட்டிகள், கழுத்தில் நெறி, எலும்பில் அரிப்பு என்று அது வெளிப்படும். சதை எடுத்துப் பார்த்தால் புற்றுதான். உடலைத் தலை முதல் கால் வரை பரிசோதித்து, ஸ்கேன் எடுத்து, தேவையான இடங்களில் குழாய் விட்டுப் பார்த்த பிறகும் தொடங்கிய இடம் அகப்படாவிட்டால், அதைத்தான் பிறப்பிடம் தெரியாத புற்று என்கிறோம். முன்பு மொத்தப் புற்றுகளில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை இந்த வகையில் சேர்ந்தன. பரிசோதனைகள் மேம்பட்ட இடங்களில் இந்த எண்ணிக்கை குறைந்துவருகிறது.

அந்தக் குடும்பத்தார் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எங்கதான் சார் ஆரம்பிச்சுது?" பதில் இல்லையென்றால், சரியாகத் தேடவில்லை என்று நினைப்பார்கள். சில சமயம் அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் முறையாகத் தேடியும் கிடைக்காத புற்றுகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, அது ஏன் ஒளிகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஏன் ஒளிகிறது

1944 முதல் 2000 வரை வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. பிறப்பிடம் தெரியாமலே இறந்த 884 பேரின் உடல்கள் அந்த ஆய்வுகளில் பரிசோதிக்கப்பட்டிருந்தன. 644 பேரிடம், அதாவது நூற்றுக்கு 73 பேரிடம், இறந்த பிறகு பிறப்பிடம் கிடைத்தது. நுரையீரலும் கணையமும்தான் அதிகம். அந்தக் கட்டிகளில் பல மிகச் சிறியவை. எஞ்சிய கால்வாசிப் பேரிடம் உறுப்பு உறுப்பாக அறுத்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. உயிரோடு இருப்பவரை அப்படி அறுத்துப் பார்க்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து சில காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, கட்டியின் அளவுக்கும் அது பரவும் திறனுக்கும் எப்போதும் நேர்த் தொடர்பு இருப்பதில்லை. தாய்க்கட்டி வளர்ந்து பெரிதான பிறகுதான் செல்கள் வெளியேறும் என்று பொதுவாக எண்ணுகிறோம். சில புற்றுகளில் தாய்க்கட்டி சில மில்லிமீட்டராக இருக்கும்போதே செல்கள் புறப்பட்டுவிடுகின்றன. 1889இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் புற்றுச் செல்லை விதைக்கும், அது போய்ச் சேரும் உறுப்பை மண்ணுக்கும் ஒப்பிட்டார். பிறந்த இடத்து மண் வறண்டதாகவும் போய்ச் சேர்ந்த மண் வளமாகவும் இருந்தால், தாய் நாற்றாகவே நிற்க, பிள்ளை மரமாகிவிடும்.

இரண்டாவது, தாய்க்கட்டி அழிந்தே போயிருக்கலாம். தோலில் வரும் மெலனோமாவையும் விதைப்பையில் வரும் சில புற்றுகளையும் உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவது உண்டு. விதைப்பையில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும். பரவிய கட்டியோ வயிற்றின் பின்பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். எப்போதோ எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பாமல் எறிந்துவிட்ட மச்சமும் இப்படித்தான். அதனால்தான் "முன்னே எப்பவாவது மச்சமோ கட்டியோ எடுத்தீங்களா?" என்று கேட்கிறோம்.

மூன்றாவது, பிறந்த இடத்தின் அமைப்பே மறைவிடமாக இருப்பது. இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு தொண்டையின் அடிநாச்சதை, நாம் டான்சில் என்று சொல்வது. அதை ஒருவரின் கதையோடு சேர்த்துச் சொல்கிறேன். பலருடைய விவரங்களைக் கலந்து ஒருவராக்கியிருக்கிறேன்.

கழுத்தில் ஒரு நெறி

அவர் லாரி ஓட்டுநர், வயது 54. வலது தாடைக் கோணத்துக்குக் கீழே 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு நெறி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அவர் முதலில் போன இடத்தில் கண்டமாலை, அதாவது கழுத்துக் காசநோய், என்று சொல்லி மாத்திரை தொடங்கினார்கள். நம் நாட்டில் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஊசி போட்டு உறுதிசெய்யாமல் மாத்திரை தொடங்கியதுதான் தவறு. இரண்டு மாதம் போயிற்று, நெறி குறையவில்லை. வேறொரு மருத்துவர் மெல்லிய ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தார். கலங்கிய நீரும் சில செல்களும் வந்தன. "பிறவியில் வந்த நீர்க்கட்டியாக இருக்கலாம்" என்று அறிக்கை வந்தது.

இங்கே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 40 வயதைத் தாண்டியவருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் புதிதாக நீர்க்கட்டி தோன்றினால், புற்று இல்லை என்று உறுதியாகும்வரை அதைப் புற்று என்றே கொள்ள வேண்டும். பிறவிக் கட்டி 54 வயதுவரை காத்திருந்து வெளிப்படுவது அரிது. டான்சிலிலிருந்து பரவும் ஒருவகைப் புற்றோ நிணநீர்க் கணுவுக்குள் உருகி நீர்க்கட்டி போலவே தோன்றும்.

இரண்டாவது முறை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே கட்டியின் சுவரில் ஊசி போட்டார்கள். இம்முறை செதிள் செல் புற்று என்று தெளிவாகத் தெரிந்தது. வாய், மூக்கு, தொண்டை, குடல் வாசல் ஆகியவற்றின் உள்தோலில் வரும் வகை இது. அப்படியானால் எந்தத் தோல்?

நெறி இருக்கும் இடமே முதல் சாட்சி. கழுத்தின் நிணநீர் வாய்க்கால்கள் ஒழுங்காக ஓடுகின்றன. தாடைக் கோணத்துக் கணுவுக்கு டான்சில், நாக்கின் அடிப்பகுதி, வாய் ஆகியவற்றின் நீர் வருகிறது. கழுத்தின் பின்பக்கத்து மேற்கணுவுக்கு மூக்கின் பின்புறத்திலிருந்து வருகிறது. காறையெலும்புக்கு மேலே, முக்கியமாக இடது பக்கத்தில், நெறி கட்டினால் தொண்டையை மட்டும் தேடக் கூடாது. நுரையீரலும் வயிற்று உறுப்புகளும் அங்கே வந்து சேர்கின்றன.

இரண்டாவது சாட்சி ஊசியில் வந்த அந்தச் செல்களே. அவற்றில் பி16 என்ற புரதத்தைச் சாயமேற்றிப் பார்த்தோம். மனித பாப்பிலோமா வைரஸ் குடிபுகுந்த செல்லில் இந்தப் புரதம் பெருகிக் கிடக்கும். இவருக்கு அது மிகுந்திருந்தது. வைரஸையே தேடும் பரிசோதனையும் ஆம் என்றது. பி16 மட்டும் போதாது; தோல் புற்றிலும் அது மிகலாம். வைரஸும் சேர்ந்து தெரிந்தால் பிறப்பிடம் பெரும்பாலும் டான்சில் அல்லது நாக்கடி. எப்ஸ்டீன் பார் வைரஸ் தெரிந்திருந்தால் மூக்கின் பின்புறத்தைத் தேடியிருப்போம். நம் ஊரில் புகையிலை, பாக்கால் வரும் புற்றே பெரும்பான்மை என்பதால் பாப்பிலோமா வைரஸ் வகை குறைவு, ஆனால் இல்லாமலில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்தோல் வழுவழுப்பாக, புண்ணின்றி இருந்தது. அடுத்து பெட் ஸ்கேன். குளுக்கோஸ் போன்ற ஒரு மருந்தில் கதிரியக்க அணுவை ஏற்றி உடலுக்குள் செலுத்துகிறோம். சர்க்கரையை அதிகம் தின்னும் செல்கள் படத்தில் ஒளிர்கின்றன. கணு ஒளிர்ந்தது. ஆனால் இரண்டு டான்சில்களும் ஒரே அளவில் ஒளிர்ந்தன. டான்சில் இயல்பாகவே ஒளிரும் உறுப்பு. மூளையும் சிறுநீர்ப்பையும் அப்படியே. அரை சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டியை இந்தக் கருவி எளிதில் காட்டாது. முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டுப் பிறகுதான் தொண்டையில் சதை எடுக்க வேண்டும்; வரிசை மாறினால் எடுத்த இடத்தின் புண்ணும் ஒளிர்ந்து நம்மை ஏமாற்றிவிடும்.

மயக்க மருந்து கொடுத்து நாக்கடியை விரலால் தடவிப் பார்த்தார்கள். பிறகு டான்சிலை முழுவதுமாக எடுத்தார்கள். ஏன் முழுவதும்? டான்சிலின் மேற்பரப்பிலிருந்து 10, 20 குழிகள் உள்ளே இறங்குகின்றன. சுருக்குப் பையின் மடிப்புகளைப் போல. புற்று பிறப்பது மேற்பரப்பில் இல்லை, அந்தக் குழியின் அடியில். அங்கே உள்தோல் மெலிந்து, நிணநீர்ச் செல்கள் புகுந்து, சல்லடைபோல் இருக்கிறது. அங்கே பிறக்கும் செல்லுக்குத் தடுப்புச் சுவரும் இல்லை, நிணநீர் வாய்க்காலும் அருகிலேயே. ஆகவே கட்டி கடுகளவு ஆகும்போதே செல்கள் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த ஒரு துணுக்கில் அந்தக் குழி அகப்படாது.

அந்த டான்சில் என் மேசைக்கு வந்தது. 3 மில்லிமீட்டர் இடைவெளியில் அறுத்து முழுவதையும் மெழுகில் பதித்தோம். ஆறாவது துண்டில் கிடைத்தது: ஒரு குழியின் அடியில் 4 மில்லிமீட்டர் புற்று.

இவ்வளவு தேடி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். இடம் தெரியாமல் இருந்திருந்தால், மூக்கின் பின்புறம் முதல் குரல்வளை வரை தொண்டையின் பெரும்பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்க நேர்ந்திருக்கும். எச்சில் வற்றி, விழுங்கச் சிரமப்பட்டே எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். இடம் தெரிந்ததால் கதிர் விழும் பரப்பு சுருங்கியது. இன்று அவர் சோற்றைக் குழம்பில் பிசைந்து சாப்பிடுகிறார். தேடலின் பயன் அந்தச் சோறுதான்.

துணுக்கிடம் கேட்கும் கேள்விகள்

கல்லீரலில் கட்டியோடு வருபவரிடம் தேடல் வேறு விதம். அங்கே பெரும்பாலும் சுரப்பிப் புற்று என்று தெரியும். சுரப்பியோ நுரையீரலிலும் உண்டு, குடலிலும் மார்பிலும் கணையத்திலும் உண்டு. நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். அப்போது ஐ.எச்.சி. என்ற சாயப் பரிசோதனையைச் செய்கிறோம். செல்லுக்குள் எந்தப் புரதம் இருக்கிறது என்பதை எதிர்ப்புரதத்தால் கண்டுபிடித்துப் பழுப்பு நிறமாகக் காட்டுவது இது.

முதலில் இரண்டு கெரட்டின்களைக் கேட்கிறோம்: சி.கே.7, சி.கே.20. 20 இருந்து 7 இல்லாமல், சி.டி.எக்ஸ்.2 என்ற குடல் புரதமும் இருந்தால், பெருங்குடலைத் தேட வேண்டும். குழாய் விட்டுப் பார்த்துக் குடலில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பெருங்குடல் புற்றுக்கான மருந்தையே கொடுக்கலாம். அதைப் பெற்றவர்கள் பொதுவான மருந்து பெற்றவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள். 7 மட்டும் இருந்தால், நுரையீரலுக்கு டி.டி.எஃப்.1, மார்புக்கு கேட்டா3, சூலகத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாக்ஸ்8 என்று அடுத்த கேள்விகள் வரும்.

இந்தக் கேள்விகளுக்கு எல்லை உண்டு. கணையத்துக்கும் பித்தநாளத்துக்கும் அவற்றுக்கே உரிய நம்பகமான புரதம் நம்மிடம் இல்லை. பிரேதப் பரிசோதனையில் அதிகம் கிடைத்த கணையமே, சாயத்தில் அதிகம் நழுவுகிறது. இன்னொரு எல்லை, துணுக்கின் அளவு. ஊசியில் வரும் சதை ஒரு நூலிழை போன்றது. ஒவ்வொரு சாயத்துக்கும் 4 மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் வேண்டும். ஒவ்வொரு முறையும் மெழுகுக் கட்டியை எந்திரத்தில் வைத்துச் சீர்செய்யும்போது சிறிது சதை வீணாகும். இருபது சாயங்களை ஒரே நாளில் எழுதிக் கொடுத்தால், மரபணுப் பரிசோதனைக்கு வேண்டிய சதை தீர்ந்துவிடும். நோயாளியின் வயது, பாலினம், கட்டி இருக்கும் இடம் ஆகியவற்றை மருத்துவர் ஒரு வரியில் எழுதி அனுப்பினால், ஐந்தாறு சாயங்களிலேயே நாங்கள் பதில் தேடுவோம். பல விண்ணப்பங்களில் "கல்லீரல் பயாப்ஸி" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் இருப்பதில்லை.

ரத்தப் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. "ட்யூமர் மார்க்கர் எல்லாம் எடுத்தாச்சு" என்று கோப்பை நீட்டுவார்கள். சி.ஏ.19.9, சி.ஈ.ஏ. போன்றவை பல புற்றுகளில் உயரும், ஊரைக் காட்டா. சிலருக்கு மட்டும் ரத்தம் உண்மையிலேயே வழிகாட்டும். எலும்பில் பரவிய புற்றோடு வரும் ஆணுக்கு பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். உடலின் நடுக்கோட்டில், அதாவது மார்பின் நடுவிலோ வயிற்றின் பின்புறத்திலோ, வேகமாக வளரும் கட்டியோடு வரும் இளைஞருக்கு ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீனும் பீட்டா எச்.சி.ஜி.யும் பார்க்க வேண்டும். அது விதைச்செல் புற்றாக இருந்தால் சிஸ்பிளாட்டின் கலந்த மருந்தில் பரவிய பிறகும் குணமாக வாய்ப்பு உண்டு. அதைத் தவறவிடுவது மன்னிக்க முடியாத தவறு.

அக்குளில் நெறியோடு வரும் பெண்ணும் இப்படி வழி தெரிந்தவரே. மார்பில் கட்டி தெரியாமல் அக்குளில் மட்டும் தோன்றும் மார்பகப் புற்றை வில்லியம் ஹால்ஸ்டெட் 1907இலேயே எழுதிவிட்டார். மேமோகிராம் தெளிவாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலோருக்கு மார்பில் தடயம் கிடைக்கிறது. கிடைக்காவிட்டாலும் மார்பகப் புற்றாகவே மருத்துவம் செய்வோம். வயிற்று உறை முழுதும் பரவிய புற்றோடு வரும் பெண்ணுக்குச் சூலகப் புற்றின் மருந்து. பிறப்பிடம் தெரியாதவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு உட்பட்ட இவர்களுக்கு, இடம் அகப்படாவிட்டாலும் வழி தெரியும்.

மரபணுவிடம் கேட்டபோது

மற்ற நான்கு பங்கினருக்கு என்ன செய்வது? புற்றுச் செல் தன் தாயுறுப்பின் பழக்கத்தை முழுவதும் மறப்பதில்லை. எந்த மரபணுக்கள் உரக்கப் பேசுகின்றன, எவை அடங்கியிருக்கின்றன என்பதில் பிறந்த இடத்தின் சாயல் மிஞ்சியிருக்கும். 90 அல்லது 92 மரபணுக்களின் பேச்சை அளந்து, தெரிந்த புற்றுகளோடு ஒப்பிட்டு, "இது பித்தநாளம் போலிருக்கிறது" என்று சொல்லும் பரிசோதனைகள் வந்துவிட்டன.

சொல்வது ஒன்று, அதனால் நோயாளி பிழைப்பது வேறு. ஜப்பானில் 130 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மரபணு சொன்ன இடத்துக்கேற்ப மருந்து பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 44. பொதுவான மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 55. இடத்தைச் சொல்லியும் பயன் கூடவில்லை. ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: பரிசோதனை காட்டிய இடங்களில் பல கணையம் போன்றவை. அங்கே நம் மருந்துகளே வலுவில்லாதவை. 2024இல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்து ஆய்வு வெளிவந்தது. 182 பேர், 90 மரபணுப் பரிசோதனை. நோய் மீண்டும் வளராமல் இருந்த காலம் 6.6 மாதத்திலிருந்து 9.6 மாதமாகக் கூடியது. முதன்முறையாக ஒரு தெளிவான நன்மை.

அதே ஆண்டு கப்பிஸ்கோ என்ற பன்னாட்டு ஆய்வு கேள்வியையே மாற்றிப் போட்டது. "எங்கே பிறந்தாய்?" என்று கேட்காமல், "உன்னை ஓட்டும் பிழை எது?" என்று புற்றின் டி.என்.ஏ.வைக் கேட்டார்கள். அந்தப் பிழைக்கு இலக்கு மருந்து இருந்தால் அது, இல்லையென்றால் எதிர்ப்பாற்றல் மருந்தோடு கீமோ. 436 பேரில், நோய் வளராத காலம் 4.4 மாதத்திலிருந்து 6.1 மாதமாகக் கூடியது. ஏறத்தாழ இரண்டு மாதம். சிறிதுதான். ஆனால் ஊர் தெரியாத ஒருவருக்கும் அவருக்குரிய மருந்தைத் தேட முடியும் என்று அது காட்டியது.

எங்கே நிறுத்துவது

தேடலை நிறுத்தவும் தெரிய வேண்டும். பதில் எதுவாயினும் மருத்துவம் மாறப்போவதில்லை என்றால், இன்னொரு ஸ்கேனும் இன்னொரு குழாயும் அந்தக் குடும்பத்தின் பணத்தையும் நோயாளியின் வாரங்களையும் மட்டுமே தின்னும். இப்படி வருபவர்களில் பலருக்கு அந்த வாரங்களே மிகக் குறைவு. "எங்கதான் சார் ஆரம்பிச்சுது?" என்று கேட்பவருக்கு, "தெரியவில்லை, தெரிந்தாலும் மருந்து இதுதான், இன்றே தொடங்கலாம்" என்பது நேர்மையான பதில். அதைச் சொல்லும் துணிவு மருத்துவருக்கு வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று: கழுத்து நெறியைக் கண்டதும் கத்தியெடுத்து வெட்டி எடுக்காதீர்கள். முதலில் தொண்டையைப் பாருங்கள், பிறகு ஊசி போடுங்கள். தொடங்கிய இடத்தைத் தேடாமல் கணுவை வெட்டினால், பின்னால் வரும் அறுவை சிகிச்சை தழும்புக்குள் நடக்க வேண்டியிருக்கும்.

உங்கள் எல்லாருக்கும் ஒன்று: மூன்று நான்கு வாரத்தில் மறையாத நெறியை மாத்திரையால் மட்டும் கரைக்கப் பார்க்காதீர்கள். ஊசிப் பரிசோதனை கேளுங்கள். சதை எடுத்தால், அந்த மெழுகுக் கட்டி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அறிக்கைத் தாளோடு அந்தக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். தாளில் இருப்பது ஒருவர் எழுதிய முடிவு. அந்தக் கட்டியில்தான் இன்னும் கேட்கப்படாத கேள்விகளுக்கான சதை இருக்கிறது.